அவலுக்கு முன்னால் அன்பு ஏன் வந்தது?

இந்த இதழுக்கு வந்த கேள்விகள் பலவும் ஒரே இடத்தில் வந்து முட்டின: கணினி தரும் தமிழ் அகரவரிசை. எனவே சினிமாவும் அரசியலும் அடுத்த இதழுக்கு.

கேள்வி: எங்கள் வாசகசாலையில் உள்ள புத்தகங்களைக் கணினியில் ஏற்றியிருக்கிறோம். இலவசமாகக் கிடைக்கும் திறமூல நூலக மென்பொருள். மொழி 'தமிழ்' என்றுதான் தேர்ந்தெடுத்தேன். ஆனால் தலைப்புகளை வரிசைப்படுத்தினால் 'அன்பு' நடுவில் வந்து நிற்கிறது. கணினிக்குத் தமிழ் தெரியாதா, எனக்குத் தெரியாதா? (நூலகப் பொறுப்பாளர், தெலுக் பங்லிமா காராங்)

உங்களுக்குத் தெரியும். அந்த மென்பொருளுக்குத் தெரியவில்லை. அதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்ட ஆறே சொற்கள் போதும். பைத்தான் உள்ள எந்தக் கணினியிலும் இதை ஓட்டிப் பாருங்கள்.

```python
>>> sorted(["அன்பு","அவல்","அறம்","அணில்","அழகு","அப்பா"])
['அணில்', 'அன்பு', 'அப்பா', 'அறம்', 'அழகு', 'அவல்']
```

பள்ளியில் படித்த வரிசை க ங ச ஞ ட ண த ந ப ம ய ர ல வ ழ ள ற ன. அதன்படி வர வேண்டியது: அணில், அப்பா, அவல், அழகு, அறம், அன்பு. கடைசியில் இருக்க வேண்டிய 'அன்பு' இரண்டாவது இடத்துக்கு ஏறிவிட்டது. கடைசிக்கு மூன்று இடம் முன்னால் இருக்க வேண்டிய 'அவல்' கடைசிக்குப் போய்விட்டது.

காரணம் இதுதான். எழுத்து ஒவ்வொன்றுக்கும் யூனிகோடு ஓர் எண் தந்திருக்கிறது. மேலே உள்ள `sorted` அந்த எண்களைத்தான் ஒப்பிடுகிறது. ன-வின் எண் U+0BA9, வ-வின் எண் U+0BB5. எண் சிறியது முன்னால் வந்துவிடுகிறது. உங்கள் மென்பொருளின் பட்டியலையும் இந்த ஆறு சொற்களை வைத்தே சோதியுங்கள். ஆறு பதிவுகளைப் புதிதாக உள்ளிட்டு வரிசைப்படுத்துங்கள். மேலே பைத்தான் தந்த அதே ஒழுங்கு அச்சு அசலாக வந்தால், அதுவும் எண்ணைத்தான் பார்க்கிறது, மொழியைப் பார்க்கவில்லை என்பது உறுதி.

பல ஆண்டுகள் யாரும் இதைக் கவனிக்காமல் போவதற்கும் காரணம் உண்டு. க, ச, த, ப, ம என்று பெரும்பாலான எழுத்துகளின் எண்கள் சரியான ஒழுங்கில்தான் இருக்கின்றன. 'கல' வரிசைக்குப் பின் 'கா' வரிசை என்பதும் ஒழுங்காக வரும். வ, ழ, ள, ற, ன இந்த ஐந்தும், புள்ளியும், கிரந்த எழுத்துகளும் வந்து சேரும் இடத்தில்தான் குட்டு வெளிப்படும். முதல் பக்கத்தை மட்டும் புரட்டிப் பார்ப்பவர் கண்ணுக்கு எல்லாம் சரியாகவே தெரியும்.

கேள்வி: அப்படியானால் யூனிகோடுதானே குற்றவாளி? அவர்களுக்கே எழுதி எண்களை மாற்றச் சொல்லலாமா? (மாணவி, பிரிக்பீல்ட்ஸ்)

எழுதிப் பயனில்லை, தங்கச்சி. கொடுத்த எண்ணை மாற்றுவதில்லை என்பது அவர்களுடைய கொள்கை. மாற்றினால் உலகத்தில் இதுவரை தமிழில் சேமித்த ஒவ்வொரு கோப்பும் வேறு எழுத்தாகத் தெரியும்.

இந்த எண்கள் இப்படி அமைந்த கதை 1988-ஆம் ஆண்டு இந்தியாவில் வந்த இஸ்கி என்ற தரத்திலிருந்து தொடங்குகிறது. இந்திய எழுத்துமுறைகள் எல்லாவற்றையும் தேவநாகரியை ஒட்டி ஒரே அச்சில் வார்த்தார்கள். 1991-இல் வந்த யூனிகோடு அந்த அமைப்பையே எடுத்துக்கொண்டது. அதனால்தான் தமிழில் இல்லாத எழுத்துகளுக்கான இடங்கள் தமிழ்ப் பகுதியில் காலியாகக் கிடக்கின்றன. ன-வுக்கு ந-வை ஒட்டி அடுத்த இடம் கிடைத்ததும் அப்படித்தான். ற, ர-வை ஒட்டி உட்கார்ந்தது. ஒலி உறவைப் பார்த்து வைத்த இடங்களே தவிர, அகராதியைப் பார்த்து வைத்தவை அல்ல.

ஆனால் யூனிகோடு ஒன்றைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: எண்ணின் ஒழுங்கு வேறு, அகரவரிசை வேறு. அகரவரிசைக்கென்றே தனி விதிமுறையும் அட்டவணையும் வெளியிட்டிருக்கிறது. அந்த அட்டவணையில் தமிழ் மெய்கள் வ, ழ, ள, ற, ன என்ற ஒழுங்கிலேயே இருக்கின்றன. மொழிவாரியாகக் கூடுதல் விதிகளைச் சேர்த்து வைக்கும் சி.எல்.டி.ஆர் என்ற தொகுப்பில் தமிழுக்கும் ஒரு பகுதி உண்டு. வேண்டியது எல்லாம் ஏற்கெனவே இருக்கிறது. நூலக மென்பொருள் அதைக் கூப்பிடவில்லை. ஆகவே கடிதம் போக வேண்டிய முகவரி அந்த மென்பொருளின் பராமரிப்பாளர்கள்தான்.

கேள்வி: சரி, அவர்களுக்கே எழுதுகிறேன். "உங்கள் மென்பொருளில் தமிழ் சரியில்லை" என்று எழுதினால் போதுமா? (அதே நூலகப் பொறுப்பாளர், தெலுக் பங்லிமா காராங்)

போதாது. அந்தப் பராமரிப்பாளர் எங்கோ இருப்பவர், சம்பளம் வாங்காமல் வேலை முடிந்த பின் இரவில் உட்கார்ந்து படிப்பவர், அனேகமாகத் தமிழ் அறியாதவர். 'அன்பு' முதலில் வந்தால் என்ன, 'அவல்' முதலில் வந்தால் என்ன, அவர் கண்ணுக்கு இரண்டும் கோடும் சுழியும்தான். எது தவறு என்று அவர் தானாகக் கண்டுபிடிக்க முடியாது. தமிழ் தெரியாமலேயே தவறைத் தன் கணினியில் அவர் வரவழைத்துப் பார்க்கும்படி எழுத வேண்டும்.

முதலில் ஆறு சொற்களை இரண்டாகக் குறையுங்கள். ஒவ்வொன்றாக நீக்கி, பிழை இன்னும் நிற்கிறதா என்று பாருங்கள். 'அவல்', 'அன்பு' இரண்டை மட்டும் விட்டாலும் பிழை நிற்கும். இதற்கு மேல் குறைக்க வேண்டியதில்லை. பிறகு இப்படி எழுதலாம்:

*தலைப்பு: மொழி தமிழாக இருக்கும்போது தலைப்புப் பட்டியலில் 'ன' (U+0BA9), 'வ'வுக்கு (U+0BB5) முன் வருகிறது.*

*செய்தது: புதிய, வெற்றுத் தரவுத்தளம். மொழி தமிழ். 'அவல்', 'அன்பு' என்ற தலைப்புகளில் இரண்டு பதிவுகள். தலைப்பு வாரியாக ஏறுவரிசை.*

*எதிர்பார்த்தது: அவல், அன்பு.*

*வந்தது: அன்பு, அவல். ஒவ்வொரு முறையும் இதுவே வருகிறது. பதிவுகளை முன்பின்னாக உள்ளிட்டாலும் மாறவில்லை.*

*எதிர்பார்ப்புக்கு ஆதாரம்: யூனிகோடு வரிசை அட்டவணையில் 'வ' முன், 'ன' பின். உங்கள் கையேடு 'தேர்ந்தெடுத்த மொழியின் வரிசையில்' பட்டியலிடுவதாகச் சொல்கிறது.*

*சூழல்: மென்பொருளின் பதிப்பு எண், இயங்குதளம், தரவுத்தளத்தின் பெயரும் பதிப்பும்.*

இவ்வளவுதான். அரைப் பக்கம் தாண்டாது. இதில் இரண்டு வரிகளைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒன்று, எதிர்பார்த்தது என்ன என்ற வரி. தமிழ் படித்தவருக்கு அது வெளிப்படை, படிக்காதவருக்கு அதுதான் அறிக்கையின் உயிர். இன்னொன்று, கையேடு என்ன வாக்குக் கொடுத்திருக்கிறது என்ற வரி. பைத்தானின் `sorted` எண்ணை ஒப்பிடுகிறது என்றால் அது பிழையல்ல, அது எண்ணைத்தான் ஒப்பிடும் என்று அதன் கையேடே சொல்கிறது. மொழியைக் கேட்டு வாங்கிக்கொண்டு அதைப் பயன்படுத்தாத மென்பொருள் செய்வதுதான் பிழை. வாக்கே கொடுக்காத மென்பொருளுக்கு எழுதுவதானால் அது வழு அறிக்கை இல்லை, வேண்டுகோள். அதையும் எழுதலாம், ஆனால் வேண்டுகோள் என்றே பெயரிட்டு எழுதுங்கள். பராமரிப்பாளர் வேறு மனநிலையில் படிப்பார்.

கேள்வி: தமிழில் எழுதுவதா, ஆங்கிலத்திலா? (அஞ்சலட்டை, கிள்ளான்)

படிப்பவர் எந்த மொழியில் வேலை செய்கிறாரோ அதில். சொற்கள் மட்டும் தமிழ் எழுத்திலேயே இருக்கட்டும். 'aval', 'anbu' என்று ரோமன் எழுத்தில் மாற்றிக் கொடுத்தால் பிழையே மறைந்துவிடும்.

கேள்வி: திரையைப் படம் பிடித்து அனுப்பினால் நூறு வார்த்தை மிச்சமாகுமே? (அச்சக ஊழியர், கிள்ளான்)

படம் கூடவே போகட்டும், படம் மட்டும் போக வேண்டாம். படத்தில் தெரியாத பிழைதான் தமிழில் அதிகம். ஒரு சான்று சொல்கிறேன்.

'கொடி' என்ற சொல்லைக் கணினி இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். 'ொ' என்ற குறிக்கு U+0BCA என்று ஒரே எண் இருக்கிறது. ஒற்றைக் கொம்பு U+0BC6, கால் U+0BBE என இரண்டு எண்களை அடுத்தடுத்து வைத்தாலும் திரையில் அதே 'கொ' தெரியும். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் கொம்பும் காலும் தனித்தனியாக இருந்தன. அந்தக் கோப்புகளைப் பின்னால் மாற்றியபோது பல இடங்களில் அவை பிரிந்தபடியே வந்துவிட்டன. உங்கள் அச்சகத்தில் பழைய கோப்புகள் இருக்கும், தேடினால் அகப்படும்.

ஒரே பட்டியலில் இரண்டு வகையும் கலந்திருந்தால் என்ன ஆகும்? கெண்டை, கேணி, கை, கொக்கு, கொடி என்று வர வேண்டிய வரிசையில், பிரிந்து சேமித்த 'கொடி' கெண்டைக்குப் பின்னால், கேணிக்கு முன்னால் போய் உட்காரும். கணினியின் கணக்கில் அது 'கெ'-யில் தொடங்கும் சொல். படத்தை எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும் காரணம் தெரியாது. இப்படிக் கேட்டால் தெரியும்:

```python
>>> [hex(ord(c)) for c in "கொடி"]
['0xb95', '0xbc6', '0xbbe', '0xb9f', '0xbbf']
```

ஐந்து எண்கள் வந்தால் பிரிந்தது, நான்கு வந்தால் சேர்ந்தது. இந்த ஒரு வரியை அறிக்கையில் ஒட்டிவிட்டால் பராமரிப்பாளர் அரை நிமிடத்தில் பிடித்துவிடுவார். யூனிகோடு இந்த இரண்டு வடிவங்களையும் ஒன்றுக்கொன்று சமம் என்றே வரையறுத்திருப்பதால், ஒப்பிடும் முன் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது நிரலின் கடமை:

```python
import unicodedata
s = unicodedata.normalize("NFC", s)
```

சொற்களை மின்னஞ்சலில் ஒட்டி அனுப்பும்போது வழியில் உள்ள ஏதாவது ஒரு செயலி பிரிந்ததைத் தானே சேர்த்துவிடக்கூடும். அப்போது பராமரிப்பாளரிடம் போய்ச் சேர்வது பிழையில்லாத சொல். "என் கணினியில் சரியாகத்தான் இருக்கிறது" என்று அவர் பதில் எழுதுவார், அவரையும் குறை சொல்ல முடியாது. எண்களாகவே எழுதிக் கொடுங்கள்.

கேள்வி: 'கௌரி'யும் இப்படித்தான் இடம் மாறி வருகிறாள். அதே மருந்துதானா? (பந்திங்)

இல்லை. பெரும்பாலும் அது தட்டச்சுப் பிழை. 'ௌ' குறிக்குப் பதிலாக ஒற்றைக் கொம்பு போட்டு, பக்கத்தில் 'ள' என்ற எழுத்தையே தட்டியிருப்பார்கள். கண்ணுக்கு ஒன்றுபோல் தெரிந்தாலும் யூனிகோடு கணக்கில் அவை இரண்டு வேறு சொற்கள். மேலே சொன்ன `normalize` அதைத் தொடாது, தொடவும் கூடாது. 'கெளிறு' என்று உண்மையாகவே ஒரு மீன் இருக்கிறதே. பதிவைத் திருத்துங்கள், பராமரிப்பாளரை விட்டுவிடுங்கள்.

கேள்வி: எங்கள் சொற்களஞ்சியத்தில் கலம், கலை, கல் என்று வருகிறது. குழந்தைகள் கேலி செய்கிறார்கள். ன-வுக்காக எழுதும் அறிக்கையிலேயே இதையும் சேர்த்துவிடலாமா? (தமிழாசிரியை, பந்திங்)

சேர்க்க வேண்டாம், டீச்சர். தனியாக எழுதுங்கள். இரண்டும் ஒரே நோய் போலத் தெரிகிறது, ஆனால் காரணம் வேறு, திருத்தும் இடமும் வேறு.

அகராதியில் மெய்யெழுத்து முன்னால், உயிர்மெய் பின்னால்: ல், ல, லா, லி என்று போகும். ஆகவே கல், கலம், கலை. கணினியிலோ 'ல்' என்பது ஓர் எழுத்து இல்லை. 'ல' என்பதும் புள்ளியும் சேர்ந்த இரண்டு எண்கள். அந்தப் புள்ளியின் எண் U+0BCD, எல்லா உயிர்க்குறிகளையும் தாண்டிய பெரிய எண். அதனால் 'கல்' கடைசிக்குத் தள்ளப்படுகிறது. இங்கே எழுத்துகளின் ஒழுங்கை மட்டும் சரிசெய்தால் போதாது. 'ல்' என்ற இரண்டு எண்களைச் சேர்த்து ஓர் அலகாகப் பார்க்க வேண்டும், அந்த அலகை 'ல'-வுக்கு முன் வைக்க வேண்டும். சி.எல்.டி.ஆர் தொகுப்பின் தமிழ் விதிகள் இதைத்தான் செய்கின்றன. பொது அட்டவணை மட்டும் இருந்தால் 'அன்பு' தன் இடத்துக்கு வந்துவிடும், 'கல்' வராது.

அதனால்தான் பிரிக்கச் சொல்கிறேன். ஒரே அறிக்கையில் இரண்டையும் எழுதினால், பராமரிப்பாளர் முதலாவதைத் திருத்திவிட்டு 'தீர்ந்தது' என்று மூடிவிடுவார். உங்கள் கல் அங்கேயே கிடக்கும். ஒரு காரணத்துக்கு ஓர் அறிக்கை. பிரிந்த 'கொ' மூன்றாவது. ஒன்றில் மற்றதைப் பற்றி ஒரு வரி குறிப்பிட்டால் போதும்.

கேள்வி: எங்கள் மாணவர் பெயர்ப் பட்டியல் சில நாள் ஹரிணி, ஜெயந்தி என்று தொடங்குகிறது, சில நாள் ஜெயந்தி, ஹரிணி என்று தொடங்குகிறது. இரண்டுமே அமுதாவுக்கு முன்னால்! நிரல் எழுதிக் கொடுத்தவர், "எப்போதாவது வரும் பிழையை எப்படித் திருத்துவது?" என்கிறார். (பள்ளி எழுத்தர், கிள்ளான்)

எப்போதாவது வருவதில்லை. ஒவ்வொரு முறையும் வருகிறது, நிபந்தனையை இன்னும் நீங்கள் பிடிக்கவில்லை. எனக்கு இன்று வந்த கேள்விகளிலேயே மிகவும் பிடித்தது இதுதான்.

அமுதாவுக்கு முன்னால் வருகிறார்கள் என்ற ஒரு தகவலே பாதிக் கதையைச் சொல்லிவிடுகிறது. எண் வாரியாக ஒப்பிட்டிருந்தால் ஜ, ச-வை ஒட்டியும் ஹ, வ-வுக்குப் பின்னும் வந்திருக்கும். அ-வுக்கு முன்னால் வர வழியே இல்லை. யாரோ சொந்தமாக ஓர் அட்டவணை எழுதி, அதில் தேடி எடுத்திருக்கிறார். இப்படி:

```python
ORDER = "அஆஇஈஉஊஎஏஐஒஓஔஃகஙசஞடணதநபமயரலவழளறன"
key = lambda w: ORDER.find(w[0])
sorted(["ஹரிணி", "அமுதா", "ஜெயந்தி"], key=key)
```

அட்டவணையில் அ-வின் இடம் 0. ஜ-வும் ஹ-வும் அதில் இல்லை. இல்லாத எழுத்துக்கு `find` தரும் விடை -1. அது பிழை என்று கூச்சல் போடாது, அமைதியாக -1 தரும். 0-ஐ விட -1 சிறியது, ஆகவே இருவரும் அமுதாவுக்கு முன்னால். இருவருக்கும் ஒரே -1, ஆகவே இருவரும் சமம். சமமானவர்களை வந்த ஒழுங்கிலேயே விடுவது பைத்தான் வரிசையாக்கத்தின் குணம். ஹரிணியை முதலில் பதிந்த நாளில் ஹரிணி முதலில், ஜெயந்தியை முதலில் பதிந்த நாளில் ஜெயந்தி முதலில். 'சில நாள்' என்பதன் விளக்கம் இவ்வளவுதான்.

அறிக்கையில் இதை எப்படி எழுதுவது? உள்ளீட்டின் ஒழுங்கையும் ஒரு நிபந்தனையாகச் சொல்லுங்கள். "ஹரிணி, அமுதா, ஜெயந்தி என்ற ஒழுங்கில் கொடுத்தால் ஹரிணி, ஜெயந்தி, அமுதா வருகிறது. ஜெயந்தியையும் ஹரிணியையும் இடம் மாற்றிக் கொடுத்தால் ஜெயந்தி, ஹரிணி, அமுதா வருகிறது. இரண்டுக்கும் அமுதா, ஜெயந்தி, ஹரிணி என்ற ஒரே விடைதான் வர வேண்டும்." சி.எல்.டி.ஆர் விதியில் ஜ, ஶ, ஷ, ஸ, ஹ ஐந்தும் ன-வுக்குப் பின்னால், இதே ஒழுங்கில். நம் ஊர்ப் பெயர்ப் பட்டியலில் இந்த ஐந்தும் இல்லாத வகுப்பே கிடையாது. பதினெட்டு மெய்யோடு அட்டவணையை முடித்துவிட்டவர் இலக்கணப் புத்தகத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார், வருகைப் பதிவேட்டைப் பார்க்கவில்லை.

கூடவே 'ஸ்ரீ' என்று தொடங்கும் பெயர்களையும் பாருங்கள். ஸ-வில் தொடங்கி எழுதியதும், ஶ-வில் தொடங்கி எழுதியதும் பல எழுத்துருக்களில் ஒரே உருவமாகத் தெரியும். ஶ என்ற எழுத்து 2005-இல்தான் யூனிகோடில் சேர்ந்தது. அதற்கு முன் எழுதிய பெயர்கள் எல்லாம் ஸ-வில் இருக்கும். இரண்டும் சமம் என்று யூனிகோடு சொல்லவில்லை, ஆகவே இருவேறு இடங்களில் வருவது வரிசைச் செயல்கூறின் பிழை ஆகாது. பள்ளி ஒரு வடிவத்தைத் தீர்மானித்துப் பதிவுகளை மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

கேள்வி: நான் ஜாவாஸ்கிரிப்டில் தமிழ் ஒப்பீட்டைச் சரியாகத்தான் கூப்பிடுகிறேன். என் மடிக்கணினியில் சரி, நிறுவனத்தின் பழைய சேவையகத்தில் தவறு. ஒரே நிரல்! (நிரலர், பிரிக்பீல்ட்ஸ்)

நிரல் ஒன்று, அதன் அடியில் இருக்கும் மொழித் தரவு வேறு. சேவையகத்தில் இதை ஓட்டுங்கள்:

```javascript
new Intl.Collator("ta").resolvedOptions().locale
```

"ta" என்று வந்தால் தமிழ் விதிகள் இருக்கின்றன. வேறு ஏதாவது வந்தால், கேட்ட மொழி கிடைக்காமல் இயல்பு மொழிக்கு நழுவிவிட்டது என்று பொருள். 2019-இல் வந்த 13-ஆம் பதிப்புக்கு முன், நோட் மென்பொருள் இயல்பாக ஆங்கிலத் தரவை மட்டுமே சுமந்து வந்தது. தமிழைக் கேட்டால் எச்சரிக்கை எதுவும் தராமல் ஆங்கிலத்துக்குப் போய்விடும். அப்படியானால் வழு அறிக்கையே வேண்டாம், பதிப்பை உயர்த்தினால் போதும்.

அறிக்கையில் பதிப்பு எண்களைக் கேட்பது சடங்குக்காக இல்லை. 2018 ஆகஸ்டில் லினக்ஸின் அடிப்படை நூலகமான glibc-யின் 2.28-ஆம் பதிப்பு வந்தது. அதில் வரிசை விதிகள் பெரிய அளவில் புதுப்பிக்கப்பட்டன. பழைய விதிப்படி அடுக்கி வைத்த போஸ்ட்கிரெஸ் தரவுத்தளச் சுட்டிகள் புதிய விதியோடு ஒத்துப்போகாமல், இருக்கிற பதிவையே 'இல்லை' என்று சொல்லும் நிலை பலருக்கு ஏற்பட்டது. சுட்டிகளை மறுபடி கட்டும் வரை தீரவில்லை. யாரும் ஒரு வரி நிரலைக்கூடத் தொடாமல் நடந்தது அது.

கேள்வி: மொழி விஷயத்தில் தவறு வரலாம். எண்களை அடுக்கும் அடிப்படைச் செயல்கூறிலேயே தவறு இருந்ததுண்டா? (கல்லூரி மாணவர், கிள்ளான்)

உண்டு, தம்பி. அதுவும் உலகமே பயன்படுத்திய ஒன்றில். டிம் பீட்டர்ஸ் 2002-இல் பைத்தானுக்காக எழுதிய டிம்சார்ட் முறை பின்னால் ஜாவாவுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் போனது. பட்டியலில் ஏற்கெனவே வரிசையாக இருக்கும் துண்டுகளைக் கண்டுபிடித்து, அவற்றின் நீளங்களை ஓர் அடுக்கில் வைத்துக்கொண்டு, இணைத்துக்கொண்டே போவது அதன் வழி. அடுக்கில் உள்ள ஒவ்வொரு நீளமும் அதற்கு மேல் உள்ள இரண்டின் கூட்டுத்தொகையைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அது நிலைத்தால் அடுக்கு உயராது, சிறிய இடமே போதும். ஆனால் நிரல் அடுக்கின் மேல்பகுதியை மட்டும் சோதித்தது. கீழே ஒரு படியில் நிபந்தனை உடைந்தாலும் அதற்குத் தெரியாது.

2015-இல் ஸ்டேய்ன் டி ஹவ் என்பவரும் அவருடைய சக ஆய்வாளர்களும் இந்த நிரல் சரியானது என்று கணித முறையில் நிறுவ முயன்றார்கள். நிறுவ முடியாமல் போன இடத்தில்தான் இந்த ஓட்டை அகப்பட்டது. அவர்கள் எழுதிய அறிக்கையைத்தான் நான் மாதிரியாகச் சொல்வேன். "சில வேளைகளில் தவறலாம்" என்று எழுதாமல், அடுக்கை நிரம்பி வழியச் செய்யும் பட்டியலை உருவாக்கும் ஒரு நிரலையே கொடுத்தார்கள். 6,71,08,864 உறுப்புகள் கொண்ட பட்டியல். ஓட்டினால் அன்றைய ஜாவா `ArrayIndexOutOfBoundsException` என்று விழுந்தது. காரணமும் சொன்னார்கள், திருத்தமும் சொன்னார்கள். பைத்தான் அந்தத் திருத்தத்தை ஏற்றுச் சோதனையையே சரிசெய்தது. பைத்தானில் இது விழ வேண்டுமானால் இன்றைய எந்தக் கணினியும் தாங்காத அளவுக்குப் பெரிய பட்டியல் வேண்டும், ஆனாலும் திருத்தினார்கள். ஜாவா தரப்பு அப்போது சோதனையை விட்டுவிட்டு அடுக்கின் இடத்தை மட்டும் பெரிதாக்கியது. எனக்குப் பைத்தானின் முடிவே சரியாகப் படுகிறது.

கேள்வி: அனுப்பிய அறிக்கைக்கு "இங்கே அப்படி வரவில்லை" என்று ஒரே வரியில் பதில் வந்தது. மனம் விட்டுப்போயிற்று. (பெயர் வேண்டாம், ஷா ஆலம்)

விடாதீர்கள். அவர் மறுக்கவில்லை, தன் கணினியில் பார்த்ததைச் சொல்கிறார். அவருக்கு வராததும் உங்களுக்கு வருவதும் இரண்டுமே உண்மையானால், இடையில் ஏதோ ஒன்று வேறுபடுகிறது. அது என்ன என்று தேடுங்கள். சொற்களின் எண்கள், உள்ளீட்டின் ஒழுங்கு, மொழித் தரவு, பதிப்பு என்று இதுவரை பார்த்த நான்கில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். ஒவ்வொன்றையும் அவருடைய நிலைக்கு மாற்றிப் பார்த்து, எதை மாற்றியதும் பிழை மறைகிறது என்று கண்டுபிடித்து, அந்த ஒன்றை மட்டும் எழுதுங்கள்.

கேள்வி: திருத்தம் அடுத்த பதிப்பில்தான் வருமாம். ஆண்டு விழாவுக்கு முன் பட்டியலை அச்சடிக்க வேண்டும். அதுவரை என்ன செய்வது? (நூலகப் பொறுப்பாளர், தெலுக் பங்லிமா காராங்)

தலைப்புகளை ஒரு கோப்பாக வெளியே எடுத்து, இதில் போட்டு எடுங்கள். பைத்தானோடு `PyICU` என்ற நூலகத்தை நிறுவிக்கொள்ள வேண்டும்.

```python
import icu
c = icu.Collator.createInstance(icu.Locale("ta"))
titles = sorted(titles, key=c.getSortKey)
```

உங்கள் தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் என்றால் வெளியே எடுக்கவே தேவையில்லை. கேட்கும்போதே `ORDER BY title COLLATE "ta-x-icu"` என்று சேர்த்தால் போதும்.

அச்சுக்கு அனுப்பும் முன் அவல்-அன்பு, கல்-கலை, ஜ-ஹ, பிரிந்த கொடி ஆகிய இந்த நான்கு இடங்களையும் கண்ணால் பாருங்கள். அதே நான்கையும் பராமரிப்பாளருக்குச் சோதனைச் சொற்களாக அனுப்பிவையுங்கள். திருத்தத்தோடு சேர்த்து அவற்றையும் நிரலுக்குள் வைத்துக்கொண்டார் என்றால், பின்னாளில் வேறொருவர் கை பட்டு வரிசை மறுபடி குலைந்தாலும், பதிப்பு வெளியே வரும் முன்பே சோதனை தடுத்துவிடும்.